சம்பளம் 11 லட்சம், தோப்பு 6 லட்சம். 12 லட்சம் வரை வரி இல்லைன்னாங்களே, 41,600 எங்கிருந்து வந்தது?

கிணத்துக்கடவு_காரன்:
வணக்கமுங்க. தனியார் கம்பெனியில் வேலை. 2025-26ல் மொத்தச் சம்பளம் 11,75,000. நிலையான கழிவு 75,000 போக 11 லட்சம். புது முறை. கம்பெனியில் ஒரு ரூபாய்கூட பிடிக்கலை, ஃபார்ம் 16லயும் வரி பூஜ்யம்.

இதோட என் பேர்ல 5 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்குங்க. ஏறக்குறைய 350 மரம். வருஷத்துக்கு 42,000 காய் இறங்குச்சு, சராசரி 20 ரூபாய்க்குப் போச்சு, 8,40,000. உரம், மரம் ஏறுற கூலி, களை எல்லாம் 2,40,000. மிச்சம் 6 லட்சம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லைங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா ரிட்டர்ன் போர்ட்டலில் அதைப் போட்டதும் 41,600 கட்டச் சொல்லுது. எடுத்துட்டா பூஜ்யம் ஆகுது. எது சரி? சாஃப்ட்வேர் கோளாறா?

மேட்டாங்காடு:
கோளாறேதாங்க. விவசாய வருமானம் பத்தாவது பிரிவுல முழுசா விலக்கு. 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி. ரெண்டும் சேர்ந்தா எப்படி வரி வரும்? விவசாயத்தைப் போடாம விட்டுடுங்க. விலக்குள்ள வருமானத்தைக் காட்டணும்னு என்ன கட்டாயம்?

பேரேடு:
மேட்டாங்காடு அவர்களே, முதல் பாதி சரி, இரண்டாவது பாதி நோட்டீஸை வீட்டுக்கே வரவழைக்கும். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது, அது மாநிலங்களின் அதிகாரம். அதனால் மத்திய அரசு சுற்றுவழி ஒன்றைப் பிடித்தது. விவசாயத்துக்கு வரி போடாது. ஆனால் மற்ற வருமானத்துக்கு என்ன விகிதம் என்று முடிவு செய்யும்போது விவசாயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 1972ல் கே. என். ராஜ் குழு பரிந்துரைத்தது, 1973 நிதிச் சட்டத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புதுசு ஒன்றுமில்லை. இத்தனை நாள் பலருக்கு இது உறைக்கவில்லை, 12 லட்சம் தள்ளுபடி வந்ததும்தான் உறைக்கிறது.

இரண்டு நிபந்தனையும் சேர்ந்து இருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். விவசாயம் தவிர்த்த வருமானம் அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டி இருக்க வேண்டும். தோப்பில் ஒரு கோடி வந்து, வெளி வருமானம் 3,90,000 மட்டும் என்றால் வரி பூஜ்யம்தான்.

இப்போது மஞ்சள் குடோனில் மூட்டை அடுக்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சம்பளத்திலிருந்து 4 லட்சம். அதற்கு வரி இல்லை. அதற்கு மேல் தோப்பின் 6 லட்சம் அடுக்கப்படுகிறது. 4 முதல் 10 லட்சம் வரையிலான இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அதற்கும் வரி இல்லை. மிச்சமுள்ள சம்பளம் 7 லட்சம் உச்சியில், 10 முதல் 17 லட்சம் வரையிலான இடத்தில் போய் உட்கார்கிறது.

உச்சியில் இருக்கிற 7 லட்சத்துக்கு வரி இப்படி: 10-12 லட்சத்துக்கு 10 சதவீதம், 20,000. 12-16 லட்சத்துக்கு 15 சதவீதம், 60,000. 16-17 லட்சத்துக்கு 20 சதவீதம், 20,000. மொத்தம் 1,00,000. தோப்பு இல்லாவிட்டால் இதே 7 லட்சம் 4-11 லட்சம் இடத்தில் இருந்திருக்கும், வரி 50,000தான்.

சட்டத்தில் இதை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள், விடை ஒன்றுதான்:

```
11 லட்சம் + 6 லட்சம் = 17 லட்சத்துக்கு வரி    1,40,000
6 லட்சம் + 4 லட்சம்  = 10 லட்சத்துக்கு வரி      40,000
வித்தியாசம்                                    1,00,000
87A தள்ளுபடி (உச்சம் 60,000)                     60,000
மிச்சம்                                          40,000
செஸ் 4%                                           1,600
கட்ட வேண்டியது                                   41,600
```

போர்ட்டல் சொன்னது சரி.

கிணத்துக்கடவு_காரன்:
மூட்டை விஷயம் புரிஞ்சுதுங்க. ஆனா 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னுதானே சொன்னாங்க? என் வருமானம் 11 லட்சம்தானே? இல்லை, விவசாயத்தையும் சேர்த்து 17 லட்சம்னு எடுத்து தள்ளுபடியை மறுக்கறாங்களா?

பேரேடு:
மறுக்கவில்லை. தள்ளுபடிக்குத் தகுதி பார்க்கும்போது உங்கள் வருமானம் 11 லட்சம்தான், விவசாயம் அதில் சேராது. அதனால் தகுதி உண்டு. "12 லட்சம் வரை வரி இல்லை" என்று தலைப்புச் செய்தியில் வந்தது, சட்டத்தில் இருப்பது அந்த வாக்கியம் அல்ல. 12 லட்சம் வரை உள்ளவருக்கு வரியைத் தள்ளுவோம், ஆனால் 60,000 வரைதான் என்பது சட்டம். சாதாரணமாக 12 லட்சத்துக்கு வரி சரியாக 60,000 வருவதால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. விவசாயம் வந்து வரியை 1,00,000 ஆக்கியதும் தையல் பிரிந்துவிட்டது.

இதிலிருந்தே ஒரு எல்லையும் கணக்குப் போடலாம். உங்கள் 11 லட்சத்தை வைத்துக்கொண்டு தோப்பில் 1,50,000 வரை வந்தால் வரி 60,000க்குள் நின்றுவிடும், முழுசும் தள்ளுபடி. 3 லட்சம் வந்தால் வரி 75,000, தள்ளுபடி போக 15,000. 6 லட்சத்துக்கு 40,000. 20 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்தாலும் 7 லட்சம் முழுக்க 30 சதவீத இடத்தில்தான் உட்காரும். வரி 2,10,000, தள்ளுபடி போக 1,50,000. அதற்கு மேல் ஏறாது. இதெல்லாம் செஸ் சேர்க்காமல்.

மேட்டாங்காடு:
சரிங்க, நான் சொன்னது தப்பு. அப்போ விவசாயம் இருந்தாலே வரி வரும்னு எடுத்துக்கலாமா?

பேரேடு:
அதுவும் இல்லை. வெளி வருமானம் 8 லட்சம், தோப்பு 6 லட்சம் என்று வையுங்கள். 14 லட்சத்துக்கு 90,000, 10 லட்சத்துக்கு 40,000, வித்தியாசம் 50,000. தள்ளுபடிக்குள் அடங்கிவிட்டது, வரி பூஜ்யம். சரியாக 12 லட்சத்தில் இருப்பவருக்குத்தான் ஒதுங்க இடமே கிடையாது. அவருக்கு விவசாயம் ஒரு லட்சம் இருந்தாலே 10,000 வரி.

ஆனைமலை_அடிவாரம்:
இதே சந்தேகம் எனக்கும். கோயமுத்தூர் மாநகராட்சி எல்லையிலிருந்து 9 கிலோமீட்டர்ல காடு 2 ஏக்கர் விற்கப் போறோம். அதையும் மூட்டை மாதிரி அடியில வச்சுத்தான் கணக்குப் போடுவாங்களா?

பேரேடு:
அது வேறு கேள்விங்க. இங்கே பேசுவது விளைச்சல் வருமானம், நீங்கள் கேட்பது நிலத்தையே விற்பது. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தாகவே கருதப்படாது, விற்றதில் மூலதன ஆதாய வரி கிடையாது, இந்த அடுக்குக்குள்ளும் வராது. மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல் உள்ள நகராட்சி அமைப்பின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டரைத் தாண்டி இருந்தால்தான் கிராமப்புறம், 1 முதல் 10 லட்சம் என்றால் 6, அதற்குக் கீழே 10,000 வரை 2. தூரம் ரோட்டில் அளப்பது இல்லை, நேர்கோட்டில். ரோட்டில் 9 என்பது நேர்கோட்டில் 7 ஆக இருக்கலாம், முதலில் அதை அளந்து பாருங்கள். பக்கத்தில் வேறு நகராட்சி இருந்தால் அதையும். தனி இழை போட்டால் விவரமாகப் பேசலாம்.

நொய்யல்கரை:
ரிட்டர்ன் போடும்போது தவறுகிற இடங்களைச் சொல்றேன். இந்த சீசனில் தினமும் பார்க்கிறது.

முதல் தப்பு படிவம். சம்பளக்காரர்கள் பழக்கத்தில் `ITR-1` எடுத்துடறாங்க. அதில் விவசாய வருமானம் 5,000 வரைதான் போட முடியும். அதுக்கு மேல இருந்தா `ITR-2`. தொழில் வருமானம் இருந்தா `ITR-3`. `ITR-4`லயும் அதே 5,000 வரம்புதான், கடை வச்சிருக்கிற விவசாயிகள் அதுல மாட்டிக்கறாங்க.

இரண்டாவது, `Schedule EI`ல் எந்த இடத்தில் போடறோம்கிறது. விவசாயத்துக்குத் தனி இடம் இருக்கு: மொத்த வரவு, செலவு, முந்தைய வருஷ நட்டம், நிகரம். சிலர் இதைத் தவிர்த்துட்டு, கீழே இருக்கிற மற்ற விலக்கு வருமானம்னு உள்ள இடத்தில் 6 லட்சத்தைத் தூக்கிப் போட்டுடறாங்க. அங்கே போட்டா கணக்கு அடுக்குக்குப் போகாது, வரி பூஜ்யம்னு வரும், சந்தோஷமா அனுப்பிடுவாங்க. பின்னாடி கேள்வி வரும்போது வரியோட வட்டியும் சேர்ந்திருக்கும்.

சரியா போட்டிருக்கோமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி: `Part B-TTI`ல் `Rebate on agricultural income` கட்டத்தைப் பாருங்க. கிணத்துக்கடவுக்காரர் கணக்குல அங்கே 40,000 இருக்கணும். அது காலியா இருந்தா வருமானம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கு.

மூன்றாவது, நிகரம் 5 லட்சத்தைத் தாண்டினா நிலத்தின் மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா எல்லாம் கேட்கும். உங்களுக்கு 6 லட்சம், கட்டாயம் நிரப்பணும். இங்கே போடற ஏக்கர் சிட்டா, அடங்கலோட ஒத்துப்போகணும். 5 ஏக்கர்ல 350 மரம், 42,000 காய்னா நம்பும்படி இருக்கு. ஒரு ஏக்கர்ல 6 லட்சம் தென்னை வருமானம்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க.

சிப்பம்:
செலவு எதெல்லாம் கழிக்கலாம்? நான் குடும்பத்தோட தோட்டத்துல உழைக்கிறதுக்குக் கூலி கழிக்க முடியுமா? மாடு, டிராக்டர், போர்வெல்?

நொய்யல்கரை:
உங்க சொந்த உழைப்புக்கு நீங்களே கூலி எழுத முடியாது. ஆளுக்குக் கொடுத்த கூலி, உரம், மருந்து, விதை, நிலவரி, குத்தகை, மண்டி கமிஷன், லாரி வாடகை, பயிர்க்கடன் வட்டி, பழுது பார்த்த செலவு கழிக்கலாம். மோட்டார் கரண்ட் இங்கே இலவசம், அதனால் அந்தச் செலவே இல்லை, இருந்தும் சிலர் பழக்கத்தில் ஒரு தொகை எழுதிடறாங்க. டிராக்டர் வாங்கின முழுத் தொகையைக் கழிக்க முடியாது, வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம்தான். போர்வெல் போட்டதும் புதுசா தோப்பு வச்சதும் மூலதனச் செலவு, அந்த வருஷத்திலேயே முழுசா கழிக்க முடியாது.

நல்ல செய்தி ஒண்ணு. தொழிலில் ஒரு நாளைக்கு ஒரே ஆளுக்கு 10,000க்கு மேல ரொக்கமா கொடுத்தா செலவு ஏத்துக்க மாட்டாங்க. விவசாய நிகரம் கணக்கிடும்போது அந்த விதி சேர்க்கப்படலை. அதனால் வெட்டுக் கூலியை ரொக்கமா கொடுத்தது ஒரு குற்றம் இல்லை. ஆனாலும் கூலிப் பதிவேட்டில் பேர், தேதி, தொகை எழுதி கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி வச்சுக்குங்க.

சிப்பம்:
அதே மாதிரி, எது விவசாயம்னு எல்லைக்கோடு எங்கே? நம்ம பக்கம் தோட்டத்துக்குள்ள எல்லாமே நடக்குது.

பேரேடு:
இதில்தான் கொங்கு நாட்டில் நிறைய பிசகு நடக்கிறது. தோட்டத்தில் இருப்பதெல்லாம் விவசாயம் இல்லை. பால் விற்ற பணம் இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணை இல்லை. தேங்காய் மட்டையை நாராக்கி விற்றால் அது தொழில். பட்டுப்புழு வளர்ப்பில் மல்பெரி இலை விவசாயம், கூடு விவசாயம் இல்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைக்கு விட்ட இடத்து வாடகை, செல்போன் கோபுர வாடகை, குடோனுக்கு விட்ட இடம் எதுவும் விவசாயம் இல்லை. இவற்றை விவசாயம் என்று காட்டியவர்களுக்கு அடுக்கு மட்டும் உயர்வதில்லை, மொத்தத் தொகையே வரிக்கு வந்துவிடும்.

மறுபக்கம், மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு விற்பது விவசாயம்தான். சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி சாதாரணமாகச் செய்கிற வேலை அது. நர்சரியில் வளர்த்த நாற்று விற்பனையும் விவசாயம். பயிர் செய்ய நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் குத்தகைப் பணமும் நிலச் சொந்தக்காரருக்கு விவசாய வருமானம். ஆனால் காய்த்து நிற்கிற மரத்தின் காயை மட்டும் மொத்தமாகப் பேசி வாங்கி வெட்டி விற்கிற வியாபாரிக்கு அது வியாபாரம்.

விரலிமஞ்சள்:
எனக்கு வேற மாதிரி நிலைமைங்க. ஈரோட்டுல சின்ன அலுவலக வேலை, நிகர வருமானம் 9 லட்சம். மஞ்சள் போட்டிருக்கேன். 2023-24ல் கிழங்கு அழுகல் வந்து 80,000 நட்டம். இந்த வருஷம் நிகரம் 6,80,000. சம்பளத்துல இந்த நட்டத்தைக் கழிக்க முடியுமா? கரும்புல நாட்டுச் சர்க்கரையும் ஆட்டறோம், அது எதுல வரும்?

பேரேடு:
சம்பளத்தில் கழிக்க முடியாது. விவசாய நட்டத்தை விவசாய லாபத்தில் மட்டுமே கழிக்கலாம், எட்டு வருடம் வரை. ஆனால் 2023-24க்கான ரிட்டர்னில் அந்த நட்டத்தைக் காட்டியிருந்தால்தான். அப்போது "லாபம் இல்லையே, எதுக்குக் காட்டணும்" என்று விட்டிருந்தால் கிடைக்காது. காட்டியிருந்தால் இந்த வருட நிகரம் 6,00,000 ஆகிறது.

உங்களுக்கு வித்தியாசம் என்னவென்று பாருங்கள். 9 லட்சம் + 6 லட்சம் என்றால் 15 லட்சத்துக்கு 1,05,000. 10 லட்சத்துக்கு 40,000. வித்தியாசம் 65,000, தள்ளுபடி போக 5,000, செஸ்ஸோடு 5,200. நட்டம் கழிக்காமல் 6,80,000 என்றால் 15,80,000க்கு 1,17,000. 10,80,000க்கு 48,000. வித்தியாசம் 69,000, தள்ளுபடி போக 9,000, செஸ்ஸோடு 9,360. அந்தப் பழைய ரிட்டர்ன் ஒன்று 4,160 ரூபாய்க்குச் சமம்.

நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் சிக்கல். கரும்பு அப்படியே விற்கக்கூடிய பொருள். அதனால் சர்க்கரை ஆக்குவது சந்தைக்குத் தகுதியாக்குகிற வேலை என்பதைத் தாண்டுகிறது. கரும்பின் சந்தை விலை வரை விவசாயம், அதற்கு மேல் ஆட்டி விற்றதில் வந்த லாபம் தொழில். அப்படிப் பிரிக்கச் சொல்வது விதி 7. தொழில் வருமானம் வந்துவிட்டால் படிவம் `ITR-3` ஆகிவிடும்.

மேட்டாங்காடு:
அப்போ கொப்பரையும் அப்படியே பிரிக்கணுமா? தேங்காயும் அப்படியே விற்கலாமே.

பேரேடு:
கேட்க வேண்டிய கேள்வி. காயை உடைத்து களத்தில் காயவைப்பது நம் பக்கத்து விவசாயி சாதாரணமாகச் செய்வது என்று வாதிடலாம். தேங்காய்க்கே சந்தை இருப்பதால் அது கூடுதல் வேலை என்றும் வாதிடலாம். நான் ஒரு முடிவைத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். பெரிய தொகை என்றால் காய் விலையையும் கொப்பரை விலையையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், பிரிக்க வேண்டி வந்தால் பிரிக்க முடியும்.

நொய்யல்கரை:
நான் இதுவரை பார்த்த கோப்புகளில் எல்லாரும் கொப்பரையை விவசாயமாகவே போட்டிருக்காங்க. அதுக்காக அது சரின்னு சொல்லலை.

கிணத்துக்கடவு_காரன்:
நன்றிங்க எல்லாருக்கும். இரண்டு கேள்வி மிச்சம். பழைய முறைக்கு மாறினா குறையுமா? இந்த 41,600ஐ எப்போ கட்டியிருக்கணும்?

நொய்யல்கரை:
பழைய முறையில் உங்களுக்கு மோசமாகும். 80C முழுக்க 1,50,000 இருக்குன்னே வைங்க. நிலையான கழிவு 50,000 போக வருமானம் 9,75,000. அதோட 6 லட்சம் சேர்த்து 15,75,000க்கு 2,85,000. 6 லட்சம் + 2.5 லட்சம் 8,50,000க்கு 82,500. வித்தியாசம் 2,02,500. 5 லட்சத்துக்கு மேல தள்ளுபடி இல்லாததால் அப்படியே நிக்கும், செஸ்ஸோட 2,10,600. பக்கத்துலயே போகாதீங்க.

கட்ட வேண்டிய நேரம்தான் பலரும் தவறவிடறது. பிடித்தம் போக வரி 10,000 ஆனாலே முன்கூட்டியே கட்டணும்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுசும். உங்க கம்பெனிக்குத் தோப்பு தெரியாது, அவங்க பிடிக்க மாட்டாங்க. எதுவும் கட்டாம ஜூலையில் மொத்தமா கட்டினா, தவணை தவறினதுக்கு 234Cல சுமார் 2,100, ஏப்ரல் முதல் ஜூலை வரை மாசம் ஒரு சதவீதம்னு 234Bல சுமார் 1,664. ஏறக்குறைய 3,760 வட்டி. அடுத்த வருஷம் வெட்டு முடிஞ்சு பணம் வரவர ஒரு பகுதியை எடுத்துக் கட்டிட்டு வாங்க. 60 வயசு தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவங்களுக்கு முன்வரி கட்டாயமில்லை, அப்பா அம்மா பேர்ல நிலம் இருக்கிறவங்க இதைக் கவனிக்கலாம்.

சிப்பம்:
அதைத்தான் கேட்க வந்தேன். பட்டா அப்பா பேர்லயே இருக்கு, விதைக்கிறது அப்பாதான், ஆனா வியாபாரி பணத்தை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பறார். யாரோட வருமானம்?

பேரேடு:
நிலமும் அவருடையது, சாகுபடியும் அவருடையது என்றால் வருமானமும் அவருடையதுதான். பணம் உங்கள் கணக்கு வழியாகப் போவதால்தான் குழப்பம். வியாபாரியிடம் அப்பா கணக்கைக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடமாக இருந்தால் ரசீதையும் அப்பா பேரில் போடச் சொல்லுங்கள். ஏற்கனவே உங்கள் கணக்குக்கு வந்ததை அப்பாவுக்கு மாற்றிய பதிவு இருக்கட்டும். வரியைக் குறைக்கவென்று பட்டாவை மனைவி பேருக்குத் தானமாக எழுதுவது வேறு விஷயம், அதன் வருமானத்தை உங்களோடு சேர்க்கும் விதிகள் உண்டு. பாகப்பிரிவினையில் சொந்தமாக வந்த நிலத்தை அதோடு குழப்ப வேண்டாம்.

மேட்டாங்காடு:
ஒரு விஷயம் தோணுச்சுங்க. வருமானம் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினா, தாண்டின தொகைக்கு மேல வரி கேட்க மாட்டாங்கன்னு ஒரு நிவாரணம் இருக்குல்ல. தோப்பு 6 லட்சம் உள்ளவருக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். சரியா 12 லட்சம்னா வரி 1,20,000, தள்ளுபடி போக 60,000 கட்டணும். வருமானம் 12,10,000னா நிவாரணப்படி 10,000 கட்டினா போதும்னு வருது! எஃப்டி வட்டி பத்தாயிரம் கூடினா வரி அம்பதாயிரம் குறையுமா?

பேரேடு:
இன்றைக்கு நல்லாக் கணக்குப் போடுகிறீர்கள். சட்ட வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அப்படித்தான் வருகிறது. நிவாரணத்துக்கு 60,000 என்ற உச்சவரம்பை அந்த இடத்தில் எழுதவில்லை. இதை எழுதியவர்கள் மனதில் விவசாயம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

நொய்யல்கரை:
ஊகத்தை நம்பி அம்பதாயிரத்தை எடுத்துக்கிட்டு, பின்னாடி திருப்பிக் கேட்டா என்ன பண்றது? போர்ட்டல் என்ன கணக்குப் போடுதோ அதுபடி கட்டிட்டு, குறைவா கேட்டா அந்தப் பக்கத்தைச் சேமிச்சு வைங்கன்னுதான் நான் சொல்வேன்.

மேட்டாங்காடு:
போர்ட்டல் சட்டம் ஆகுமாங்க?

பேரேடு:
ஆகாது. அதே மாதிரி, போர்ட்டல் நமக்குச் சாதகமாகப் போட்ட கணக்கும் நம்மைக் காப்பாற்றாது. 12 லட்சத்துக்கு மேல் சில ஆயிரத்தில் நிற்பவர்கள் இங்கே இருந்தால், போர்ட்டலில் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கிணத்துக்கடவு_காரன்:
`Part B-TTI`ல் 40,000 சரியா வந்திருக்குங்க. 41,600ம் வட்டியும் சேர்த்துக் கட்டிட்டு அனுப்பப் போறேன். அடங்கல் நகல் மட்டும் வி.ஏ.ஓ. ஆபீஸ்ல வாங்கணும், அதுல 4.85 ஏக்கர்னு இருக்கு. நான் 5ன்னு எழுதியிருந்தேன், மாத்திட்டேன்.